நியாசினமைடு சீரம் எண்ணெயைக் குறைக்குமா, துளைகளைச் சுருக்குமா?

கேள்வி: "கும்பகோணம் பக்கம் இருக்கிறேன், வயது 24. காலை பதினோரு மணிக்கே முகத்தில் எண்ணெய் வழியுது. மூக்கிலயும் கன்னத்துலயும் துளைகள் பெரிசா தெரியுது. பங்குனி ஆரம்பத்துல 10% நியாசினமைடு சீரம் வாங்கி தினமும் போடுறேன். ஒரு மாசம் ஆச்சு, முன்னைவிட எண்ணெய் அதிகமான மாதிரிதான் இருக்கு. இது உண்மையிலேயே வேலை செய்யுமா? துளைகள் மூடுமா?"

எண்ணெய்க்கு ஓரளவு உதவும். துளைகளுக்கு அதைவிடக் குறைவாக உதவும், மூடவே மூடாது. ஆனால் நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது சீரம் அல்ல, பங்குனி. மாசிக் குளிர்ச்சி போய் வெயில் ஏறும் நேரத்தில் ஆரம்பித்து, சித்திரையில் கணக்குப் பார்க்கிறீர்கள். நான் தோல் மருத்துவர். தஞ்சாவூர், கும்பகோணம், பாபநாசம் பக்கத்து ஆட்களைத்தான் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். சீரம் பலிக்கவில்லை என்று சொல்லி வருபவர்களில் நிறையப் பேர் இப்படிப் பருவம் மாறும்போது ஆரம்பித்தவர்கள்தான். தோலின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் எண்ணெய் வெளிவரும் வேகம் சுமார் 10% கூடுகிறது என்று 1970-இலேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். சீரம் கொஞ்சம் குறைத்திருந்தாலும் வெயில் அதைத் திரும்ப ஏற்றியிருக்கும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் நடக்காதது போலத்தான் தெரியும்.

அப்புறம், முகத்தில் வழிவது எல்லாம் எண்ணெயும் அல்ல. டெல்டாவில் காற்றில் ஈரம் அதிகம், அதனால் வியர்வை சீக்கிரம் காயாது. அது முகத்தில் இருக்கும் எண்ணெயோடு கலந்து பளபளவென்று நிற்கும். இதைப் பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. சாதாரண டிஷ்யூ காகிதத்தை நெற்றியில் பத்து விநாடி அழுத்தி எடுத்து, மின்விசிறிக்குக் கீழே கால் மணி நேரம் வையுங்கள். வியர்வைக் கறை காய்ந்து மறைந்துவிடும். எண்ணெய்க் கறை போகாது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடம் மட்டும் கண்ணாடி போலத் தெரியும். நியாசினமைடுக்கு வியர்வைச் சுரப்பியோடு எந்த வேலையும் இல்லை. உங்கள் பளபளப்பில் பாதி வியர்வை என்றால், சீரம் நன்றாக வேலை செய்தாலும் அந்தப் பாதி அப்படியேதான் இருக்கும்.

சரி, நியாசினமைடு என்ன செய்கிறது? இது வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம். தண்ணீரில் கரையும். மூலக்கூறு சின்னது என்பதால் தோலின் மேலடுக்குக்குள் போவது அதற்குப் பெரிய சிரமமில்லை. உள்ளே போனதும் செல்கள் இதைக்கொண்டு என்ஏடி என்ற துணைப்பொருளைத் தயாரிக்கின்றன. செல் சக்தி எடுப்பதற்கும், கொழுப்புப் பொருட்களை உண்டாக்குவதற்கும் அது வேண்டும். இதன் பலனாகத் தோலின் மேலடுக்கில் செராமைடு என்ற கொழுப்பு அதிகமாக உருவாகிறது, தோலிலிருந்து ஈரம் ஆவியாகிப் போவது குறைகிறது. பருவுக்குப் பிறகு வரும் கருந்திட்டுகள் கொஞ்சம் வெளுப்பதற்கும் காரணம் தெரியும். நிறமி உண்டாவதை இது நிறுத்துவதில்லை, நிறமி செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு அது கைமாறுவதைத் தடுக்கிறது. இவையெல்லாம் ஓரளவு உறுதியான விஷயங்கள். எண்ணெய் எந்த வழியில் குறைகிறது என்பதற்கு மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்னும் கிடையாது. குறைகிறதா என்பதற்குச் சான்று இருக்கிறது, எப்படி என்பதற்குப் போதவில்லை.

அந்தச் சான்றை நீங்களே எடை போட்டுப் பார்க்கலாம். 2006-இல் வந்த ஆய்வு ஒன்றைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஜப்பானில் 100 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு 2% நியாசினமைடு, மீதிப் பேருக்கு அது இல்லாத அதே மாதிரியான பூச்சு கொடுத்தார்கள். நான்கு வாரம் பூசச் சொன்னார்கள். நியாசினமைடு பூசியவர்களுக்கு எண்ணெய் வெளிவரும் வேகம் இரண்டாவது வாரத்திலும் நான்காவது வாரத்திலும் குறைந்திருந்தது. அதே ஆய்வில் வெள்ளைத் தோல் கொண்ட 30 பேரை ஆறு வாரம் பார்த்தபோது முடிவு வேறு மாதிரி வந்தது. முகத்தின் மேல் ஒரு நேரத்தில் தேங்கி நிற்கும் எண்ணெய் குறைந்தது, ஆனால் வெளிவரும் வேகத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு அளவுகள். தேங்கி நிற்பது என்பது நீங்கள் கண்ணாடியில் பார்ப்பது. வேகம் என்பது துடைத்த பிறகு எவ்வளவு சீக்கிரம் திரும்ப ஊறுகிறது என்பது. ஒரு குழுவில் ஒன்றும், இன்னொரு குழுவில் மற்றதும் குறைந்திருக்கிறது என்பதால், பலன் உண்மை, ஆனால் மிதமானது, ஆளுக்கு ஆள் மாறும் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். இந்த ஆய்வு நம் ஊர் வெயிலில், நம் ஊர்த் தோலில் செய்யப்பட்டதல்ல என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கவனித்தீர்களா, அங்கே பூசியது 2%. உங்கள் கையில் இருப்பது 10%. தோலுக்கான நல்ல ஆய்வுகள் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதத்துக்குள்தான் நடந்திருக்கின்றன. 10% என்றால் எண்ணெய் இரண்டு மடங்கு குறையும் என்று காட்டும் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. எரிச்சல் மட்டும் கூடும். பாட்டிலில் பெரிய எண் இருந்தால் நன்றாக விற்கும், அதனால்தான் அந்த எண் ஏறிக்கொண்டே போகிறது. உங்களுக்கு 10% எரியவில்லை என்றால் தூக்கி எறிய வேண்டாம், முடியும்வரை பயன்படுத்துங்கள். அடுத்தது வாங்கும்போது 5% போதும். சதவீதம் எழுதாத பாட்டில் என்றால் பின்னால் உள்ள பட்டியலைப் பாருங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவு அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் போடுவார்கள். நியாசினமைடு இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருந்தால் நல்லது. கடைசியில் வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் இருந்தால் அது பெயருக்குச் சேர்த்தது.

இப்போது துளைகள். எல்லோரும் 'ஓப்பன் போர்ஸ்' என்று சொல்லிச் சொல்லி, திறந்ததை மூடலாம் என்ற எண்ணம் வந்துவிட்டது. காவிரி வாய்க்காலில் மதகுப் பலகையை ஏற்றி இறக்குவது போல ஏற்றி இறக்க இந்தத் துளையில் ஒன்றுமில்லை. அது முடியும் சுரப்பியின் எண்ணெயும் வெளியே வரும் வாய், அவ்வளவுதான். அதன் விளிம்பில் சுருங்கி விரியும் தசை கிடையாது. ஆவி பிடித்தால் திறப்பதும் இல்லை, ஐஸ் வைத்தால் மூடுவதும் இல்லை. ஐஸ் வைத்த கொஞ்ச நேரம் சுற்றியுள்ள தோல் இறுகிச் சின்னதாகத் தெரியும், பிறகு பழையபடி ஆகிவிடும். துளை பெரிதாகத் தெரிவதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று. ஒன்று, சுரப்பி அதிகமாக எண்ணெய் விடுவது. இரண்டு, துளையைச் சுற்றியுள்ள தோல் தளர்வது, இதற்கு வயதும் வெயிலும் காரணம். மூன்று, முடிவேர்ப் பையே பருமனாக இருப்பது, இது பெரும்பாலும் அப்பா அம்மாவிடமிருந்து வருவது. நியாசினமைடு தொடக்கூடியது முதல் காரணத்தை மட்டும்தான், அதையும் பகுதியாகத்தான். துளைக்குள் எண்ணெயும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து அடைத்து நிற்கும்போது வாய் விரிந்து கருப்பாகத் தெரிகிறது. அடைப்பு குறைந்தால் நிழல் குறையும், அதனால் துளை சின்னதானது போல இருக்கும். இதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், விஷயம் தெளிவாகும். சுவாமிமலைப் பக்கம் சிலை வார்க்கும் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர் அவர். நாள் முழுக்க உலைச்சூடு. 10% சீரத்தைக் காலையும் இரவும் ஒரு முழு டிராப்பர் பூசி, அதன் மேல் கெட்டியான கிரீம், பட்டறையில் வேர்க்கும்போதெல்லாம் சோப்புப் போட்டு முகம் கழுவுதல். மூக்கைச் சுற்றி எரிகிறது, முகத்தில் வெள்ளை வெள்ளையாகத் திரிதிரியாக உருளுகிறது, எண்ணெயும் குறையவில்லை, துளையும் மூடவில்லை என்று வந்தார். டிஷ்யூ வைத்துப் பார்த்ததில் நெற்றிக் கறையில் பெரும்பகுதி காய்ந்து போய்விட்டது. மூக்குப் பக்கமும் புருவ நடுவும் மட்டும் எண்ணெயாக நின்றது. தலைக்குத் தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் தடவி வேலைக்குப் போவார். அது சூட்டில் இறங்கி, முடி தொடங்கும் கோட்டில் சின்னச் சின்னப் பொரிகளாக நின்றது. கன்னத்தில் அவர் துளை என்று காட்டியவற்றில் பாதி துளையே அல்ல, பழைய பருக்கள் விட்டுப் போன குழிகள். துளை வட்டமாக, கிட்டத்தட்ட ஒரே அளவில், வரிசையாக இருக்கும். குழி கோணல்மாணலாக, பரு வந்த இடத்தில் மட்டும் இருக்கும். குழியை எந்தச் சீரமும் நிரப்பாது, அதற்கு வேறு சிகிச்சைகள் உண்டு.

முதலில் இரண்டு வாரம் சீரத்தை நிறுத்தச் சொன்னேன். காலை, மாலை இரண்டு வேளை மட்டும் மென்மையான ஃபேஸ்வாஷ், நடுவில் வெறும் தண்ணீரில் கழுவித் துண்டால் ஒற்றி எடுப்பது. அடிக்கடி சோப்புப் போட்டால் சுரப்பி கோபித்துக்கொண்டு இன்னும் எண்ணெய் விடும் என்று சொல்வார்கள், அதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஆனால் தோலின் மேல் அரண் தேய்ந்து, எதைப் பூசினாலும் எரியும் என்பது நிச்சயம். தலை எண்ணெயை இரவில் வைத்துக் காலையில் தலைக்குக் குளிக்கும் நாட்களுக்கு மட்டும் என்று மாற்றினோம். கெட்டி கிரீமை நிறுத்தினோம். அந்த வெள்ளைத் திரிகள் மருந்து வேலை செய்யாததன் அடையாளம் அல்ல, அதிக அளவில் பூசி, ஒன்று காய்வதற்குள் இன்னொன்றை மேலே தேய்த்தால் வருவது. எரிச்சல் அடங்கியதும் 5% சீரம், இரவில் மட்டும், இரண்டு மூன்று துளி, அதுவும் முகத்தின் வலது பாதியில் மட்டும்.

அந்தப் பாதி முகம்தான் உங்களுக்கும் நான் சொல்ல வருவது. சித்திரை வந்தாலும், மழை பெய்தாலும், பட்டறைச் சூடு கூடினாலும் அது இரண்டு கன்னத்துக்கும் ஒரே மாதிரிதான். அதனால் வித்தியாசம் தெரிந்தால் அது பெரும்பாலும் சீரத்தால் வந்தது. இரவில் ஒரு பக்கம் மட்டும் பூசுங்கள், மறுபக்கம் எதுவும் வேண்டாம். வாரம் ஒரு நாள் காலையில் முகம் கழுவி, முகத்தில் எதுவும் பூசாமல் மூன்று மணி நேரம் விடுங்கள். பிறகு பத்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வியர்வையை ஆறவிட்டு, இரண்டு கன்னத்திலும் நெற்றியின் இரு பக்கத்திலும் ஒரே அளவு டிஷ்யூத் துண்டுகளை ஒரே நேரம் அழுத்துங்கள். அவற்றைக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த உடனே பார்த்தால் வியர்வைதான் தெரியும், அதனால் காய்ந்த பிறகு பார்ப்பது முக்கியம். மூக்கை இதில் சேர்க்காதீர்கள், நடுவில் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. ஆறு வாரம் இப்படிப் பாருங்கள். ஆய்வில் வித்தியாசம் தெரிந்த காலமும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. இரண்டு பக்கக் கறையும் ஒன்றாகவே இருந்தால், எண்ணெய்க்காக இதற்குச் செலவு செய்ய வேண்டாம். ஒரு பக்கம் எப்போதும் தலையணையில் அழுத்திப் படுப்பவர், ஒரே கன்னத்தில் போனை வைத்துப் பேசுபவர் என்றால் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும், அதையும் மனதில் வையுங்கள்.

அந்த இளைஞருக்கு ஆறு வாரத்தில் வலது கன்னக் கறை கொஞ்சம் சிறியதாக வந்தது. கண்ணாடியில் அவரால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை, எனக்கும் தெரியவில்லை. துளைகள் அப்படியே இருந்தன. ஆனால் மூக்கில் இருந்த கருப்பு அடைப்புகளுக்கு 2% சாலிசிலிக் அமிலத்தை வாரம் மூன்று இரவு சேர்த்தபோது, அவை நன்றாகவே குறைந்தன. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும், அதனால் எண்ணெய் அடைத்த துளைக்குள் போய் ஒட்டியிருக்கும் செல்களைப் பிரித்துவிடுகிறது. நியாசினமைடுக்கு அந்த வேலை வராது. மூக்கில் சாம்பல் நிறத்தில் வரிசையாகத் தெரிந்து, அழுத்தினால் மெல்லிய நூல் போல வருபவை கரும்புள்ளி அல்ல, அவை எல்லோருக்கும் இருக்கும் எண்ணெய் இழைகள். பிதுக்கி எடுத்தாலும் சில வாரத்தில் மறுபடி நிரம்பிவிடும். அவற்றைப் பிதுக்காமல் விடுவதுதான் நல்லது.

துளைகள்தான் உங்களுக்குப் பெரிய கவலை என்றால், பணத்தை முதலில் சன்ஸ்கிரீனில் போடுங்கள் என்பேன். வண்டியில் போய் வரும் வெயில்தான் துளையைச் சுற்றியுள்ள கொலாஜனைக் கெடுத்துத் தோலைத் தளர்த்துகிறது. ஜெல் வகை, எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். அடுத்தபடி அடாபலீன் 0.1% ஜெல் போன்ற ரெட்டினாய்டுகள். துளையின் உள் சுவரில் செல்கள் ஒட்டி அடைப்பதை இவை குறைக்கின்றன. பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதற்கும் இரவில் பூசுவது, பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். இதை மருத்துவர் சொல்லித்தான் தொடங்க வேண்டும், கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் பூசவே கூடாது. தோலில் பூசும் நியாசினமைடுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வைட்டமின் சி-யோடு சேர்த்தால் விஷமாகிவிடும் என்று பரப்புவதையும் நம்ப வேண்டாம், இன்றைய தயாரிப்புகளை ஒரே நாளில் இரண்டையும் பயன்படுத்தலாம்.

சீரம் போட ஆரம்பித்த பிறகு புதிதாகப் பரு வந்தால், உள்ளே இருந்த அழுக்கு வெளியே வருகிறது, பொறுத்துக்கொள் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். ரெட்டினாய்டுக்கு அப்படி ஒரு கட்டம் உண்டு. நியாசினமைடு செல்கள் உதிர்வதை அப்படி வேகப்படுத்துவதில்லை, அதனால் இதற்கு அந்த விளக்கம் பொருந்தாது. அந்தத் தயாரிப்பில் உள்ள வேறு பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். பூசிய சில நிமிடத்தில் முகம் சிவந்து சூடேறினாலும் நிறுத்த வேண்டியதுதான். ஒரே வாரத்தில் எண்ணெயும் கருப்பும் போய் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது என்று யாராவது மருந்துக் கடை டியூப் ஒன்றைக் காட்டினால், அதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவை ஸ்டீராய்டு. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, சின்ன இரத்தக் குழாய்கள் தெரிந்து, நிறுத்தியதும் முகம் முழுக்கப் பரு கொட்டும். மிக அதிகமாக நான் சரிசெய்ய வேண்டியிருக்கும் சேதம் இதுதான், மனம் வலிக்கிறது.

கடைசியாக, நீங்கள் பெண் என்றால், மாதவிடாய் தள்ளிப்போவது, தாடையிலும் மோவாயிலும் முடி முளைப்பது, தாடை ஓரமாக வலியுள்ள பருக்கள், இவற்றோடு எண்ணெயும் திடீரென்று கூடியிருந்தால் சீரத்தை வைத்து நாளைக் கடத்த வேண்டாம். ஹார்மோன் காரணமா என்று இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்க்க வேண்டியிருக்கும். தஞ்சாவூர் அரசு மருத்துவமனைகளிலேயே தோல் பிரிவும் மகளிர் பிரிவும் இருக்கின்றன. இதெல்லாம் இல்லை, எண்ணெய் மட்டும்தான் என்றால், இன்றிரவு ஒரு கன்னத்தில் ஆரம்பித்து ஆறு வாரம் கழித்து அந்த டிஷ்யூப் படங்களைப் பாருங்கள். இங்கே எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.